வீட்டுக்குள்ள சாம்பல், முற்றத்துக்கு வந்தா ஊதா: சாயம் ஏன் இப்பிடிச் செய்யுது?

வணக்கம் உறவுகளே. போன வீடியோவில பொலியெஸ்டர் சாறிக்குப் பொருத்தமா, வெள்ளைப் பருத்திச் சட்டைத்துணிக்குச் சாம்பல் சாயம் போட்டமெல்லே? கொட்டிலுக்குள்ள எல்ஈடி பல்புக்குக் கீழ ரெண்டும் ஒரே துணி மாதிரி இருந்தது. முற்றத்துக்குக் கொண்டுவந்தா, சாறி சாம்பலாவே இருக்கு, பருத்தி மட்டும் ஊதாவாத் திரும்பியிட்டுது. இந்தா, ரெண்டையும் கிட்ட வச்சுக் காட்டுறன். கமெரா கலரைத் தானாவே திருத்தும், அதால உங்களுக்கு இவ்வளவு வடிவாத் தெரியாது. நேர பாத்தா முகத்தில அடிக்குது!

கமெண்டில கன பேர் ஒண்டைத்தான் எழுதியிருக்கிறீங்கள்: “பல்புப் பெட்டியில 6500K எண்டு போட்டிருக்கு, அது பகல் வெளிச்சம்தானே?” இல்லை! எனக்கு இதுதான் சரியான எரிச்சல். அந்த இலக்கம் வெள்ளை எவ்வளவு நீலமாத் தெரியும் எண்டதை மட்டும்தான் சொல்லுது. வெளிச்சத்துக்குள்ள என்னென்ன கலர் எவ்வளவு இருக்கு எண்டு சொல்லாது. சூரிய வெளிச்சத்தில ஊதாவில இருந்து ஆழ்ந்த சிவப்பு வரைக்கும் எல்லாம் இருக்கு. சாதாரண எல்ஈடியில நீலம் ஒரு இடத்தில கூரா எழும்பும், பச்சையும் மஞ்சளும் நல்லா இருக்கும், ஆழ்ந்த சிவப்பு சரியான குறைவு.

இப்ப துணிக்கு வருவம். சாறியில இருக்கிறது பொலியெஸ்டருக்கான சாயம். பருத்தியில நாங்கள் போட்டது றியாக்ரிவ் சாயம், மஞ்சள், சிவப்பு, நீலம் மூண்டும் கலந்தது. ரெண்டும் வேற வேற வழியாலதான் சாம்பலுக்கு வந்து சேருது. பருத்திக்குப் போடுற சில நீலச் சாயங்கள் ஆழ்ந்த சிவப்பை விழுங்காமல் அப்பிடியே திருப்பி அனுப்பும். எல்ஈடிக்குக் கீழ அந்தச் சிவப்பு சரியான குறைவு, அதால குறை தெரியாது. வெயிலுக்கு வந்த உடன அது துணியில இருந்து கண்ணுக்கு வரும், ஊதாவாத் தெரியும். பழைய குண்டு பல்பில சிவப்பு இன்னும் கூட, அங்க இதைவிட மோசம். ஒரு வெளிச்சத்தில பொருந்தின ரெண்டு கலர் இன்னொரு வெளிச்சத்தில பொருந்தாமல் போறதுக்குத்தான் மெற்றாமெரிசம் எண்டு சொல்லுறது. சாம்பல், ஒலிவ் பச்சை, மண்ணிறம் மாதிரி மங்கல் கலருகளிலதான் இது கூட வரும்.

ஒண்டைப் பிரிச்சுப் பாருங்கோ. லைற்றை மாத்தேக்க ரெண்டு துணியும் சேந்து மாறினா, அது வெளிச்சத்தின்ர வேலை, சாயத்தில பிழை இல்லை. ஒண்டு மட்டும் மாறினாத்தான் கலவையில கை வைக்கவேணும்.

திருத்த வேண்டியது கலவையை. கூடக் கொஞ்சம் மஞ்சள் விட்டுச் சரிக்கட்டப் போகாதேங்கோ, வெயிலில சரிவரும், பிறகு வீட்டுக்குள்ள பச்சை அடிக்கும். மூண்டு சாயத்தை விட்டிட்டு, றியாக்ரிவ் கறுப்பைக் கொஞ்சமா எடுங்கோ. அது தனிய நீலச் சாம்பலாத்தான் வரும், துளி செம்மஞ்சள் விட்டா நடுவுக்கு வரும்.

முதல்ல சின்னத் துண்டில பாருங்கோ. 1 கிராம் சாயத்தை 100 மில்லிலீற்றர் தண்ணியில கரைச்சு வையுங்கோ. 10 கிராம் துணிக்கு அதில 5 மில்லி எடுத்தா, துணியின்ர நிறையில அரை வீதம் சாயம். மொத்தம் 200 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு. அரை மணித்தியாலம் கிண்டின பிறகு 4 கிராம் சலவைச் சோடா. அப்பச்சோடா இல்லை! ஒரு மணித்தியாலம் விட்டு, அலசி, சுடுதண்ணியில சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கோ. ஈரத்துணி எப்பவும் ஆழமாத்தான் தெரியும்.

பாக்கிற இடமும் முக்கியம். மாமரத்துக்குக் கீழ நிண்டா இலை வெளிச்சம் பச்சை, எங்கட செம்மண் முற்றத்தில குனிஞ்சு பாத்தா சிவப்பு ஏறும். முன்பகலில, வடக்குப் பக்கம் திறந்த நிழலில, வெள்ளைத் தாளுக்கு மேல ரெண்டையும் ஒட்டி வச்சுப் பாருங்கோ. பிறகு எல்ஈடி, பிறகு குண்டு பல்பு.

பல்பு வாங்கப் போறீங்களெண்டா பெட்டியில CRI எண்ட இலக்கத்தைப் பாருங்கோ, கலரை எவ்வளவு உண்மையாக் காட்டும் எண்டதை அதுதான் சொல்லும். 80 போதாது, 90க்கு மேல வேணும். கிளிநொச்சி ரவுணில நாலு கடை ஏறி இறங்கி, கடைசியா ஒண்டு கிடைச்சுட்டுது! சாதாரண பல்பின்ர மூண்டு மடங்கு விலை. குடுக்கலாம், இந்தாப் பாருங்கோ, இதுக்குக் கீழ வச்சா அந்த ஊதா உள்ளுக்கயே தெரியுது.

எண்டாலும் சாயம் வேற வேற எண்டா எல்லா வெளிச்சத்திலயும் நூறு வீதம் பொருந்தாது. பகலில கோயிலுக்கு உடுக்கிற சாறியா, இரவு மண்டபத்துக்கா எண்டு முதல்ல கேட்டு, அந்த வெளிச்சத்தில பொருத்துங்கோ.

ஓ, சொல்ல மறந்திட்டன், கழுவின சவர்க்காரம்! “பளிச் வெண்மை” எண்டு விக்கிற தூளில வெயில் பட்டா நீலமா ஒளிருற பொருள் இருக்கு. வெளிறின சாம்பலில அதுவும் நீலமாத் தெரியும், எல்ஈடிக்குக் கீழ தெரியாது. சாம்பிள் துண்டை அந்தத் தூளில கழுவாதேங்கோ.