முட்டி இம்பிளாண்ட்டுக்கு பாலிசி 5,000 வெள்ளிதான் தரும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

[திரையில்: தனியார் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுத் தாள். ‘இம்பிளாண்ட்’ என்ற வரி மட்டும் பெரிதாகிறது.]

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தவர்கள் கையில் இப்படி ஒரு தாள் இருக்கும். அறுவைக் கட்டணம், மயக்க மருந்து, அறை, மருந்து என்று வரிசையாக வரும். நடுவில் இம்பிளாண்ட் என்று ஒரு வரி, அதாவது முட்டிக்குள் பொருத்தும் செயற்கை மூட்டின் விலை. இன்று அந்த ஒரு வரியைத்தான் பார்க்கப் போகிறோம். பல பாலிசிகள், குறிப்பாக வேலையிடம் எடுத்துக்கொடுக்கும் குழுக் காப்புறுதிகள், அதற்கு மட்டும் தனி உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. பாலிசியின் மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த வரிக்கு அந்த வரம்புதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஈசூனில் இருக்கும் சரோஜா அக்கா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 61, இன்னும் வேலையில் இருக்கிறார், வலது முட்டியில் தேய்மானம் முற்றிவிட்டது. கம்பெனி பாலிசி செலவில் 90 விழுக்காடு கட்டும், மீதி 10 அவர் பொறுப்பு. இம்பிளாண்ட்டுக்கு வரம்பு 5,000 வெள்ளி. இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் தாளில் வேறு இருக்கும்.

[திரையில்: இரண்டு இம்பிளாண்ட் படங்கள், கீழே 6,200 / 9,400 என்று விலை.]

மருத்துவர் இரண்டு சொல்கிறார். ஒன்று, வழக்கமான கோபால்ட்-குரோம் மூட்டு, 6,200 வெள்ளி. மற்றது, தொடை எலும்பில் பொருத்தும் பகுதி ஆக்சிடைஸ்டு சிர்கோனியத்தில் செய்தது, 9,400 வெள்ளி. இம்பிளாண்ட் தவிர மற்ற செலவெல்லாம் 28,000.

விலை கூடியதை எடுத்தால் மொத்தம் 37,400. வீட்டில் எல்லோரும் போடும் கணக்கு: பத்து விழுக்காடு நம்முடையது, அப்படியானால் 3,740. “ரெண்டுக்கும் வித்தியாசம் முந்நூறு சொச்சம்தானே, நல்லதையே போடுங்கள் டாக்டர்” என்று மகள் சொல்லிவிடுவார். அம்மாவின் முட்டி, யாருக்குத்தான் மனசு கேட்கும்?

ஆனால் காப்புறுதி நிறுவனம் அப்படிக் கணக்குப் போடாது. முதலில் இம்பிளாண்ட் வரியை 5,000-க்கு வெட்டும். மேலே உள்ள 4,400 பாலிசிக்கு வெளியே போய்விடும், அது முழுக்க சரோஜா அக்காவுடையது. அப்புறம் வரம்புக்குள் இருக்கும் 5,000-இல் பத்து விழுக்காடு, 500. மற்ற செலவு 28,000-இல் பத்து விழுக்காடு, 2,800. கூட்டினால் 7,700 வெள்ளி. நினைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

6,200 வெள்ளி மூட்டை எடுத்தால்? வரம்புக்கு மேல் 1,200, அதோடு அதே 500, அதே 2,800. மொத்தம் 4,500. வித்தியாசம் 3,200 வெள்ளி. இரண்டு மூட்டுகளின் விலை வித்தியாசமும் சரியாக அதே 3,200-தான். வரம்பைத் தாண்டிய பிறகு கூடும் ஒவ்வொரு வெள்ளியும் முழுசாக உங்கள் வெள்ளி. அதில் காப்புறுதி ஒரு காசுகூடப் பகிராது.

“மெடிசேவில் எடுத்துக்கொள்ளலாமே” என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் ஓர் அறுவைக்கு மெடிசேவிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்த அறுவைக்கு சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ள வகையைப் பொறுத்தது. விலை கூடிய மூட்டைப் போட்டதற்காக அந்த வரம்பு உயராது. ஆகவே கூடுதல் 3,200 பெரும்பாலும் கைக்காசில்தான் போய் நிற்கும்.

[திரையில்: முழங்கால் மூட்டின் பாகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.]

சரி, அந்த 3,200-க்கு முட்டியில் என்ன கிடைக்கிறது? மூட்டு இம்பிளாண்ட் ஒரே பொருள் இல்லை. தொடை எலும்பின் முனையில் ஓர் உலோக உறை. கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு. தேவைப்பட்டால் முட்டிச்சில்லின் பின்பக்கம் ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை. இவற்றை எலும்போடு ஒட்ட எலும்பு சிமெண்ட்.

ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் என்பது மேலே உள்ள உறையின் பரப்பு மட்டும். பீங்கான்போல வழவழப்பாக இருப்பதால் ஆய்வகச் சோதனையில் பிளாஸ்டிக் தகட்டைக் குறைவாகத் தேய்க்கிறது. அது உண்மை. ஆனால் ஆஸ்திரேலிய மூட்டு மாற்றுப் பதிவேட்டை வைத்து, ஒரே வடிவ மூட்டை இரண்டு உலோகங்களிலும் ஒப்பிட்டபோது, மறு அறுவை குறையவில்லை. சாதாரண முழு மூட்டு மாற்றே நெடுநாள் தாங்குகிறது. 2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றங்களில் ஏறக்குறைய 82 விழுக்காடு 25 ஆண்டு நிற்கின்றன. விலை கூடியதைப் போட்டால்தான் ஓடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

விலை கூடிய அந்த உலோகத்துக்கு உண்மையான தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். கோபால்ட்-குரோமில் கொஞ்சம் நிக்கல் உண்டு. கவரிங் நகையோ கடிகாரத்தின் உலோகப் பட்டையோ பட்ட இடமெல்லாம் தடித்து அரிக்கும் என்றால் அதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அப்போது இந்தத் தேர்வு வசதிக்கானதாக இல்லாமல் மருத்துவக் காரணம் உள்ளதாகிறது. மருத்துவர் அதை எழுத்தில் கொடுத்தால், வரம்பைத் தளர்த்துவார்களா என்று காப்புறுதியிடம் கேட்கலாம். தளர்த்தியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் அறுவைக்குப் பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டால் பதில் கையில் இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், ஒவ்வாமையோ வேறு தெளிவான காரணமோ இல்லாத அறுபது வயதுக்காரருக்கு, மருத்துவர் அடிக்கடி போட்டுப் பழகிய, பல ஆண்டுப் பதிவு உள்ள மூட்டே நல்ல தேர்வு. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “இந்த மூட்டில்தான் நீங்கள் அதிகம் அறுவை செய்கிறீர்களா? என் அம்மாவின் முட்டிக்கு விலை கூடியது என்ன கூடுதலாகச் செய்யும்?” பதில் உங்கள் அம்மாவின் முட்டியைப் பற்றி இருக்க வேண்டும். “அது புதுசு, அது நல்லது” என்று மட்டும் வந்தால், இன்னொரு முறை கேட்பதில் தப்பே இல்லை.

[திரையில்: மதிப்பீட்டுத் தாளில் ‘பயன்பாட்டுப் பொருள்கள்’ என்ற வரி.]

இனி, வரம்புக்குள் எதெல்லாம் வருகிறது என்பது. 6,200 என்றால் நான்கு பாகமும் சிமெண்டும் சேர்த்தா, அல்லது உலோகப் பாகங்கள் மட்டுமா? சிமெண்ட், ரோபோ முறை அறுவைக்கான ஒருமுறைப் பொருள்கள் எல்லாம் சில தாள்களில் தனி வரியாக இருக்கும். அவற்றைக் காப்புறுதி இம்பிளாண்ட்டோடு சேர்த்து அதே 5,000-க்குள் அடைக்குமா, தனியாகக் கட்டுமா, கட்டவே கட்டாதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். மதிப்பீட்டுத் தாளை அனுப்பி, வரிவாரியாக எவ்வளவு ஏற்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உத்தரவாதக் கடிதம் வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது முன்பணத்துக்கான உறுதிதான், இம்பிளாண்ட் வரம்பை அது மாற்றாது.

இரண்டு முட்டியும் போனவர்களுக்கு இன்னொரு கேள்வி. வரம்பு எதற்கு? ஒரு அறுவைக்கா, ஒரு நோய்க்கா, ஒரு ஆண்டுக்கா? ஒரே நாளில் இரண்டு முட்டியையும் மாற்றினால் மூட்டு இரண்டு, வரம்பு ஒன்று என்று ஆகலாம். சில மாதம் தள்ளித் தனித்தனியாகச் செய்தால் இரண்டு முறை வரம்பு கிடைக்கலாம், பாலிசி இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்தால் கிடைக்காமலும் போகலாம். ஒரே நாளில் செய்வது உடம்புக்குச் சரியா என்பதை இதயமும் வயதும்தான் தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் இரண்டு வழியும் சரி என்று சொன்ன பிறகே இந்தக் கணக்கை எடுங்கள்.

அரசாங்க மருத்துவமனையில் பி2, சி வகுப்பில் சேர்பவர்களுக்கு வேறு கதை. அங்கே இம்பிளாண்ட்டுக்கு மானியம் உண்டு, ஆனால் அமைச்சின் மானியப் பட்டியலில் உள்ள இம்பிளாண்ட்டுக்குத்தான். ஆகவே அங்கே முதல் கேள்வி: “இது பட்டியலில் இருக்கிறதா?” மெடிஷீல்ட் லைஃபிலும் இம்பிளாண்ட்டுக்குத் தனி வரம்பு உண்டு. தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், நிதி ஆலோசனைக்கு உட்காரும்போது அன்றைய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி பாலிசியோடு சொந்தமாக ஒருங்கிணைந்த கேடயத் திட்டமும் வைத்திருப்பவர்கள், எது முதலில் கட்டும், வரம்புக்கு மேல் உள்ளதை மற்றது ஏற்குமா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

[திரையில்: ஆஞ்சியோகிராம் படம்.]

அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டும் ஓர் இம்பிளாண்ட்தான், அதைப் பற்றிச் சுருக்கமாக. மாரடைப்போடு போனால் அங்கே தேர்வும் இல்லை, பேரமும் இல்லை. ரத்தக் குழாயைத் திறப்பதுதான் வேலை. முன்கூட்டி நாள் குறித்துச் செய்யும்போது சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. எத்தனை ஸ்டென்ட் என்பது ஆஞ்சியோகிராமில்தான் தெரியும், அப்போது நீங்கள் மேசையில் படுத்திருப்பீர்கள். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டென்ட் என்று மூன்று மதிப்பீடு முன்பே வாங்குங்கள். அவசரமில்லாத இரண்டாவது அடைப்பு இருந்தால் அன்றே செய்வதா, பேசிவிட்டு வேறு நாளில் செய்வதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். புதியதுதான் சிறந்தது என்று யாராவது சொன்னால் கரைந்துபோகும் ஸ்டென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அப்சார்ப் என்ற அந்த ஸ்டென்ட்டில், வழக்கமான மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்டைவிட ரத்தம் உறைவது அதிகம் என்று தெரிந்தது. 2017-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

[திரையில்: அறுவைக் குறிப்பில் ஒட்டிய சிறு ஸ்டிக்கர்கள்.]

மறுபடி முட்டிக்கு வருவோம். அறுவை முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இம்பிளாண்ட்டின் ஒவ்வொரு பாகமும் தனிப் பெட்டியில், பெயரும் அளவும் தொகுப்பு எண்ணும் அச்சடித்த ஸ்டிக்கரோடு வரும். அறுவைக் கூடத்தில் பல அளவுகள் காத்திருக்கும். உள்ளே போன பாகத்தின் ஸ்டிக்கரை மட்டும் தாதி அறுவைக் குறிப்பில் ஒட்டுவார். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பில்லின் இம்பிளாண்ட் வரிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முட்டிச்சில்லை மாற்றவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்க, பில்லில் அந்த வில்லைக்கு விலை இருந்தால் உடனே தெரிந்துவிடும். வரம்பைத் தாண்டிய பில்லில் அப்படித் தவறாக ஏறிய வரியின் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. ஆகவே இறுதி பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். பல ஆண்டு கழித்து பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், எந்த மாடல், எந்த அளவு என்று அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கர்களைத்தான்.