இலை நுனி காய்கிறது, மருந்துக்கு நிற்கவில்லை

கேள்வி: "ஐயா, தென்மராட்சிப் பக்கம் காலபோக நெல். மழையும் காத்தும் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு இலை நுனியிலை இருந்து மஞ்சளாகிக் காயுது. பங்கசு மருந்து அடிச்சும் நிக்கேல்லை. பக்கத்து வயலிலை இருந்து வந்ததோ, விதைநெல்லோடையே வந்ததோ?"

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல ஒரு கசிவு இறங்கினால் அது பற்றீரியா இலை வெளிறல். அப்படியானால் பங்கசு மருந்துக்கு அடித்த காசு வீண்தான், அது பற்றீரியாவைக் கொல்லாது.

சரி, எப்படிப் பரவியது? இந்தப் பற்றீரியா இலை விளிம்பில் இருக்கும் நீர்த்துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்த காயங்கள் வழியாகவும் உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. அதனால்தான் நுனியிலும் விளிம்பிலும் தொடங்கி அலை அலையாகக் கீழே இறங்குகிறது. காலையில் இலையில் மஞ்சள் துளிகள் தெரியும், அவை முழுக்கப் பற்றீரியா. மழை அவற்றைத் தெறிக்க வைக்கும், வரம்பு மேவிப் பாயும் வெள்ளம் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகும். ஆக, பக்கத்து வயலில் இருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடிக்கட்டையில் முளைத்த நெல்லிலும் வாய்க்கால் புல்லிலும் அது தங்கியும் இருக்கும்.

விதைநெல்லை முழுதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். நோய் வந்த வயலின் உமியில் பற்றீரியா ஒட்டியிருக்கும், ஆனால் சேமிப்பில் அது குறைந்துகொண்டே போகும். உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டால் பதர்தான் போகும், பற்றீரியா போகாது. எனவே நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள். உறுதிப்படுத்தப்பட்ட விதை வாங்கினால் இன்னொரு பயனும் உண்டு. எதிர்ப்புள்ள இனம் என்று நினைத்து விதைப்பதில் வேறு நெல் கலந்திருக்காது.

எதிர்ப்பு இனத்தில் என்ன நடக்கிறது? பற்றீரியா உள்ளே போகும், ஆனால் செடி அதை அடையாளம் கண்டு மறிப்பதால் காயல் சிறிதாக நின்றுவிடும், கதிர் பால் பிடிக்கும் நேரம் கொடியிலை பச்சையாக இருக்கும். நெல்மணி நிறைவது அந்த இலையின் உழைப்பில்தான், அது கருகினால் பதர் கூடும். ஆனால் ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பினால் பற்றீரியா மாறிக்கொண்டு அதைத் தாண்டிவிடும். இந்தியாவில் சம்பா மசூரி நல்ல அரிசிதான், இந்த நோய்க்கு மட்டும் தாங்காது. அதற்குள் மூன்று மரபணுக்களைச் சேர்த்து 2008இல் மேம்பட்ட இனமாக வெளியிட்டார்கள். அதில் ஒன்று ஆபிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்தது.

இப்போதைக்கு யூரியாவை நிறுத்துங்கள், தழை கொழுத்த பயிரில்தான் இது வேகமாக ஓடும். இலை ஈரமாக இருக்கும்போது வயலுக்குள் இறங்கி நடக்காதீர்கள். அறுவடை முடிந்ததும் அடிக்கட்டையை உழுது புதையுங்கள். அடுத்த போகத்துக்கு எந்த இனம் தாங்கும் என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் விதை எடுக்க முன்னமே கேளுங்கள்.