செந்தமிழும் நாப்பழக்கம்: இரண்டாம் வரைவுக்காக ஒரு வழக்கு

(எழுத்துப் பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு அழகாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அவர்களே, பயிற்சியாளர்களே, முகாமில் பங்கேற்ற மாணவ நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்கள் என் பெயருக்கு முன்னால் ஏழெட்டு அடைமொழிகளைச் சூட்டினார். அவருடைய அன்புக்கு நான் கடமைப்பட்டவன். ஆனாலும், எழுதியதைச் செப்பனிடுவது பற்றிப் பேச வந்தவனை அறிமுகப்படுத்தும்போது அந்த அடைமொழிகளில் பாதியை அடித்திருந்தால், நான் பேசத் தொடங்கும் முன்பே அவையினருக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கும் என்பதை உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். என்னை எந்த மேடையில் ஏற்றினாலும் இந்த வரி வந்துவிடும் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். இன்றைய தலைப்புக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. நிறைய வாசிப்பது மனப்பழக்கம், நாள்தோறும் எழுதுவது கைப்பழக்கம், எழுதியதை உரக்கப் படித்துத் திருத்துவது நாப்பழக்கம். இந்த மூன்றையும் வரிசையாகப் பேசுவதாக எண்ணம்.

முதலில் வாசிப்பு. நிறையப் படிப்பவர்கள் எல்லாரும் நன்றாக எழுதிவிடுவதில்லை என்பதை நாம் கண்டிருக்கிறோம். கதையின் போக்கில் கண் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாக்கியம் எப்படித் தொடங்கி எங்கே முடிந்தது என்பதை மனம் கவனிப்பதில்லை. அப்படியானால் வாசித்ததை எழுத்துக்கு உரமாக்குவது எப்படி? இதற்கு ஒரு சிறுவன் கண்டுபிடித்த வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். பத்து வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் அண்ணனுடைய அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். பெண்களுக்குக் கல்வி தேவையா என்பது பற்றி அவருக்கும் ஒரு நண்பருக்கும் கடிதத்திலேயே ஒரு விவாதம் நடந்தது. பெண்கள் படிக்க வேண்டும் என்பதே நம் சிறுவனின் கட்சி. அந்தக் கடிதங்கள் தற்செயலாகத் தந்தையின் கையில் கிடைத்தன. தந்தை விவாதத்துக்குள் நுழையவில்லை. அச்சகத்தில் பழகியதால் எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் உன்னிடம் குறைவு, ஆனால் நடையழகிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் உன் நண்பனே உன்னை மிஞ்சுகிறான் என்று இடம் சுட்டிக் காட்டினார். ஒரு தந்தை மகனுக்குத் தரக்கூடிய உதவிகளில் இது மிகப் பெரியது என்பேன். 'நன்றாக இல்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வரியில் எது குறைகிறது என்று அவர் காட்டினார்.

அந்த நாட்களில் 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரைத் தொகுதிகளில் ஒன்று, மூன்றாவது தொகுதி மட்டும், அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு செய்ததுதான் நமக்குப் பாடம். சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளைச் சில நாட்கள் அப்படியே ஒதுக்கி வைத்தார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அக்கட்டுரையைத் தன் சொற்களில் மீண்டும் எழுதினார். எழுதி முடித்த பிறகே மூலத்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்தினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. தனக்குச் சொல்வளம் போதவில்லை என்று கண்டதும், உரைநடைக் கதைகளைச் செய்யுளாக்கினார். ஓசைக்கும் அளவுக்கும் பொருந்தும் சொல்லைத் தேடினால்தான் ஒரே பொருளுக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்பது தெரியவரும். உரைநடை மறந்துபோன பிறகு அந்தச் செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினார். சில வேளைகளில் குறிப்புகளையே கலைத்துப் போட்டு, சில வாரங்கள் கழித்து அவற்றை முறைப்படுத்திப் பார்த்தார். கருத்துகளை அடுக்கும் முறை இப்படித்தான் கைவந்தது. இத்தனையும் வேலை முடிந்த இரவுகளிலும், வேலை தொடங்கும் முன் காலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தது. சிற்சில இடங்களில் மூலத்தைவிடத் தான் நன்றாக எழுதிவிட்டதாக எண்ணி மகிழ்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1722-இல், பதினாறு வயதில், ஒரு கைம்பெண்ணின் பெயரைப் புனைந்துகொண்டு கட்டுரை எழுதி, அண்ணனுடைய பத்திரிகைக்காக அச்சகத்தின் கதவிடுக்கில் இரவோடு இரவாகச் செருகிவிட்டு வந்தார். தம்பி எழுதியது என்று தெரியாமலே அண்ணன் அச்சிட்டார். அப்படி வெளிவந்த கடிதங்கள் பதினான்கு. வீட்டில் இருக்கும் எழுத்தாளரை வீட்டார் கண்டுகொள்ளாத வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொது போலும்!

இந்த முறையைத் தமிழில் செய்து பார்க்க விரும்புவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். குறிப்பில் மூலத்தின் சொற்களையே எழுதி வைத்தால், பிறகு நீங்கள் எழுதுவது உங்கள் வாக்கியமாக இருக்காது, நினைவிலிருந்து படியெடுத்ததாகவே இருக்கும். ஒப்பிடும்போது வரிக்கு வரி மூலம் அப்படியே வந்திருந்தால், ஒன்று குறிப்பு நீளமாக இருந்தது, அல்லது இடைவெளி போதவில்லை என்று கொள்ளுங்கள். அடுத்தது, அலங்கார நடையை எடுக்காதீர்கள். ஒரு பொருளை விளக்கிச் செல்லும் எட்டுப் பத்து வாக்கியங்கள் போதும். ஒப்பிடும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். உங்கள் வரியில் அது எங்கே இருக்கிறது, மூலத்தில் எங்கே இருக்கிறது, நீங்கள் மூன்று சொல்லில் சொன்ன வினையை அவர் ஒரே சொல்லில் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.

'செந்தமிழும் நாப்பழக்கம்' என்றேன். முகாமில் ஒரு மாணவி எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்தை, அவருடைய அனுமதியோடு, இங்கே படிக்கிறேன்.

'நூலகத்தில் உள்ள பழைய புத்தகங்கள் பூச்சிகளால் அரிக்கப்பட்டு வருவது குறித்து உறுப்பினர்களால் பலமுறை புகார் அளிக்கப்பட்டும் அதற்கான நடவடிக்கைகள் எதுவும் இதுவரை மேற்கொள்ளப்படாத நிலையே காணப்படுகிறது.'

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மௌனமாகப் படித்தபோது அவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. நாம் சொல்ல நினைத்தது நம் மனத்தில் ஏற்கெனவே இருப்பதால், கண் தாளில் உள்ளதை விட்டுவிட்டு மனத்தில் உள்ளதைப் படித்துக்கொண்டு போய்விடுகிறது. உரக்கப் படிக்கச் சொன்னோம். 'அளிக்கப்பட்டும்' என்ற இடத்தில் மூச்சு வாங்கினார், 'மேற்கொள்ளப்படாத' என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. நாக்குத் தடுக்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், திருத்த வேண்டாம், படித்துக்கொண்டே போங்கள் என்றோம். படிக்கும்போதே திருத்தத் தொடங்கினால் ஓட்டம் அறுந்து, அடுத்த தடுக்கல் தெரியாமல் போய்விடும்.

கோடு விழுந்த இடங்களில் எல்லாம் 'படு' என்னும் துணைவினை இருந்தது. யார் செய்தார் என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு கோட்டின் மேலும் கேட்டோம். அரிப்பது பூச்சி. புகார் கொடுத்தவர்கள் உறுப்பினர்கள். ஆகவே முதல் திருத்தம் இப்படி வந்தது: 'நூலகத்தின் பழைய புத்தகங்களைப் பூச்சி அரிக்கிறது. உறுப்பினர்கள் பலமுறை புகார் கொடுத்தார்கள். இதுவரை யாரும் எதுவும் செய்யவில்லை.' பத்தொன்பது சொற்கள் பதின்மூன்றாயின.

அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் சிக்கல் வெளிப்பட்டது. செய்திருக்க வேண்டியவர் யார்? அந்த மாணவிக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் 'மேற்கொள்ளப்படாத நிலை' என்ற தொடர் அந்த அறியாமையைப் போர்த்தி வைத்திருந்தது. மறுநாள் நூலகரிடமே சென்று கேட்டார். புகார்களை நூலகர் எழுத்து மூலம் மேலே அனுப்பியிருக்கிறார், மருந்து வாங்க ஒப்புதல் தர வேண்டிய குழு அதன் பிறகு கூடவே இல்லை என்று தெரிந்தது. 'புகார்களை நூலகர் குழுவுக்கு அனுப்பினார். குழு இன்னும் கூடவில்லை' என்று கட்டுரை மாறியது. நூலகரைக் குறை சொல்லத் தொடங்கிய கட்டுரை முடியும்போது வேறு திசையில் போயிருந்தது. (மேடையிலிருக்கும் குழுத் தலைவர் அவர்கள் அஞ்ச வேண்டாம், அது வேறொரு நூலகம்.)

இதைக் கேட்டுவிட்டு 'படு' வரும் இடத்தையெல்லாம் வெட்டிவிடாதீர்கள். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் அது பொருட்டல்லாதபோதும் அந்த அமைப்பு பொருத்தமானதே. நீண்ட வாக்கியமும் குற்றமன்று. ஒரே எழுவாய் அடுத்தடுத்துச் செய்யும் செயல்களை வினையெச்சங்களால் கோத்துச் சென்றால் எத்தனை நீளமானாலும் தமிழ் தாங்கும். எழுவாய் இடையில் மாறும்போதுதான் தடம் புரள்கிறது. 'கதவைத் திறந்து நாய் ஓடியது' என்று எழுதினால் கதவைத் திறந்ததும் நாயே என்றாகிவிடும். 'நான் கதவைத் திறந்ததும் நாய் ஓடியது' என்று எழுத வேண்டும். இந்தப் பிழையை நாக்கு எளிதில் காட்டாது. ஒவ்வொரு எச்சத்துக்கும் எழுவாய் எது என்று பென்சிலால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நான் எங்கே வருகிறேன் என்று பழைய நண்பர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மாணவி கற்றது அனைத்தும் முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் நடுவில் நடந்தது. நம் தேர்வுகளோ முதல் வரைவுக்கு மட்டுமே மதிப்பெண் தருகின்றன. மணியடிக்கும் முன் எழுதியதுதான் கட்டுரை. அடித்தல் திருத்தல் கண்ணில் பட்டால் தாள் அழுக்காக இருக்கிறது என்கிறோம். கைப்பழக்கத்தையும் நாப்பழக்கத்தையும் பாட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பழக இடமே வைக்காத முறை இது. பல ஆண்டுகளாக நான் கேட்டு வருவது ஒன்றுதான். வகுப்பில் எழுதும் கட்டுரைகளிலேனும் இரண்டாம் வரைவுக்கு மதிப்பெண் வையுங்கள்.

நாற்பது மாணவர்களின் இரண்டு வரைவுகளை எந்த ஆசிரியர் திருத்துவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முழுக் கட்டுரையையும் இருமுறை திருத்த வேண்டியதில்லை. மாணவரே ஒரு பத்தியைத் தேர்ந்து, ஒரு வாரம் கழித்து அதை மட்டும் மாற்றி எழுதி, மாற்றிய ஒவ்வோர் இடத்துக்கும் ஓரத்தில் ஒரு வரியில் காரணம் குறிக்கட்டும். பத்து மதிப்பெண்ணில் முதல் வரைவுக்கு நான்கு, மாற்றி எழுதிய பத்திக்கு மூன்று, காரணங்களுக்கு மூன்று. 'நன்றாக இருக்கும் என்பதால் மாற்றினேன்' என்ற காரணத்துக்கு மதிப்பெண் இல்லை. 'யார் செய்தார் என்று தெரியவில்லை' என்பதற்கு உண்டு. ஆசிரியர் ஓரக்குறிப்பை மட்டும் பார்த்தாலே மாணவர் தாமே திருத்தினாரா, பக்கத்து நண்பரைப் பார்த்து எழுதினாரா என்பது தெரிந்துவிடும்.

நாள்தோறும் எழுதுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். தலைவர் அவர்கள் இரண்டாம் முறையாக மணியைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தினமும் புதிதாக ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை, நேற்றைய பத்தியை இன்று மாற்றி எழுதுவதும் அன்றைய பயிற்சிக் கணக்கில் சேரும். மற்றதை அடுத்த முகாமுக்கு என்னை அழைத்தால் பேசுகிறேன். கல்வித் துறை அலுவலர்கள் இரண்டு பேர் அவையில் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். மதிப்பெண் திட்டத்தின் நகல்களை வாயிலில் வைத்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.