கல்லாவில் 1,100 குறைந்த நாள்

வணக்கம். கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று பாருங்கள். ஒரு துணிப்பை, உள்ளே முழுக்க பில்கள். பயப்படாதீர்கள், இதெல்லாம் என் சொந்த வீட்டு பில்கள்தான். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்னக் கடைகளின் பில்லைக் கேமரா முன்னால் நீட்டக் கூடாது. ஆனால் நான் முதன்முதலில் ஒரு கடைக்குப் போனபோது, கடைக்கார அண்ணன் என் கையில் இப்படித்தான் ஒரு பையைத் திணித்தார். 'நாலு மாசத்து பில் தம்பி, கணக்காளர் வைக்கிற அளவுக்கு வியாபாரம் இல்லை, நீதான் பார்த்துச் செய்' என்றார்.

நான் செய்த முதல் தப்பு, அந்தப் பையை அப்படியே கொட்டிக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. மூன்று நாள் போனது. பழைய பில்லை முடிப்பதற்குள் புதிய பில் சேர்ந்துவிட்டது. இப்போது நான் அப்படிச் செய்வதில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, நாளைக் காலை கல்லாவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எண்ணுவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தாள். மேலே காலையில் இருந்த ரொக்கம். அதன் கீழே உள்ளே வந்தவை: ரொக்க விற்பனை, பழைய கடனில் வசூலானது. அப்புறம் வெளியே போனவை: சரக்குக்குக் கொடுத்தது, சில்லறைச் செலவு, வங்கியில் போட்டது. கடைசியாக, முதலாளி தனக்கென எடுத்தது. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை. 'என் கடைப் பணத்தை நான் எடுக்கிறேன், அதை ஏன் எழுத வேண்டும்?' என்று கேட்பார்கள். எடுங்கள் அண்ணா, ஆனால் அது செலவு இல்லை. கடைச் செலவில் கலந்தால் லாபம் குறைந்ததுபோல் தெரியும், எங்கேயும் எழுதாவிட்டால் பணம் காணாமல் போனதுபோல் தெரியும். அதனால்தான் அதற்குத் தனி வரி.

கார்டிலும் போனிலும் வந்த விற்பனை இந்தத் தாளில் சேராது. அது கல்லாவுக்கே வராத பணம். அதற்குத் தனிப் பக்கம் வைத்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். சில இடங்களில் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும், அதுவும் ஓரிரு நாள் கழித்து வரும். அதனால் விற்பனையும் வங்கியில் வந்ததும் அன்றன்றைக்கே பொருந்தாது.

சரி, ஒரு நாள் தாளைப் போட்டுப் பார்ப்போம். காலையில் 2,000. ரொக்க விற்பனை 14,600. பழைய கடன் வசூல் 1,200. மொத்தம் 17,800. வெளியே போனது: சரக்குக்கு 5,600, வண்டி வாடகை 400, வங்கியில் 5,000. ஆக 11,000. அப்படியென்றால் கல்லாவில் 6,800 இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கம். 6,800 இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு எண்ணக் கூடாது. தெரிந்துவிட்டால் கை தானாக அந்த எண்ணை நோக்கியே எண்ணும். முதலில் எண்ணி எழுதுங்கள், பிறகு கூட்டிக் கழியுங்கள். அன்று எண்ணியது 5,700. ஆக 1,100 குறைகிறது.

உடனே கடைப் பையன் மேல் சந்தேகம் திரும்பியது. எனக்கு அந்த நேரம் பிடிக்கவே பிடிக்காது. தாளைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது சரியில்லை. 'அண்ணா, இன்றைக்கு வீட்டுக்கு ஏதாவது எடுத்தீர்களா?' என்று கேட்டேன். யோசித்துவிட்டு, 'மத்தியானம் மருந்துக்கு 200 எடுத்தேன்' என்றார். மீதி 900.

900 என்றதும் எனக்கு மூக்கில் வியர்த்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டால், வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 52-ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. அதேபோல ஆயிரமும் நூறும் இடம் மாறினால் 900-இன் மடங்காக வரும். 9-ஆல் வகுபட்டாலே மாற்றி எழுதியதுதான் என்று அர்த்தமில்லை, ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். சரக்கு பில்லை எடுத்துப் பார்த்தோம். பில்லில் 6,500. தாளில் 5,600. முடிந்தது. கடைப் பையன் தப்பித்தான்.

அந்த பில் அரை நிமிடத்தில் கிடைத்தது பாருங்கள், அதற்குக் காரணம் ஒரு சின்ன ஏற்பாடு. இரண்டே கோப்புகள். ஒன்றில் பணம் கொடுக்காத பில்கள், கொடுக்க வேண்டிய தேதி வரிசையில். இன்னொன்றில் கொடுத்து முடித்தவை. பணம் கொடுத்த அன்றே பில்லின் மூலையில் ஒரு வரிசை எண், தேதி, ரொக்கமா வங்கியா என்று எழுதி இடம் மாற்ற வேண்டும். அதே எண்ணை நாள் தாளிலும் எழுத வேண்டும். தாளிலிருந்து பில்லுக்கும் பில்லிலிருந்து தாளுக்கும் வழி இருந்தால் போதும், சப்ளையர் பெயர் வாரியாகப் பத்துக் கோப்பு போடத் தேவையில்லை.

இயந்திரத்தில் வரும் வழவழப்பான பில் மட்டும் தனி விஷயம். அந்தத் தாளில் எழுத்து வெப்பத்தால் விழுவது, சில மாதங்களிலேயே மங்கிவிடக்கூடும். எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினாலோ பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலோ இன்னும் சீக்கிரம் மங்கும். வந்த அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம், ஒரே சரக்குக்கு மூன்று தாள் வருவது. சரக்கோடு வருகிற டெலிவரி சீட்டு, பிறகு வருகிற பில், மாதக் கடைசியில் சப்ளையர் அனுப்பும் ஸ்டேட்மென்ட். மூன்றிலும் தொகை இருக்கலாம், கணக்கில் ஏறுவது பில் மட்டும்தான். நான் போவதற்கு முன் ஒரு கடையில் பில்லுக்கு ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டு, ஸ்டேட்மென்டைப் பார்த்து இன்னொரு தடவையும் கொடுத்திருந்தார்கள். டெலிவரி சீட்டை பில்லின் பின்னால் குத்திவிடுங்கள். எண்ணிக்கை குறைந்து வந்திருந்தால் அப்போதே கண்ணில் படும். ஸ்டேட்மென்ட், நம் கோப்போடு ஒப்பிட மட்டும்தான். திருப்பி அனுப்பிய சரக்குக்கு அவர்கள் கழித்திருக்கிறார்களா என்பதையும் அதில்தான் பார்க்க வேண்டும்.

நீங்களும் என்னைப் போல இந்த வேலைக்கு வந்தால், கூலி பேசும்போது கடையின் விற்பனையை வைத்துப் பேசாதீர்கள். நமக்கு வேலை தருவது தாள்களின் எண்ணிக்கை. ஒரு மாதம் செய்து பார்த்து, எத்தனை பில், எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொண்டு பேசுங்கள்.

பணத்தை நான் தொடுவதில்லை. எண்ணுவது கடைக்காரர், எழுதுவது நான். வங்கிக் கடவுச்சொல்லை வாங்குவதில்லை, அறிக்கையைப் பதிவிறக்கி அனுப்பச் சொல்வேன். அசல் பில் கடையை விட்டு நகராது. வரி எவ்வளவு வரும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், அது அதற்குத் தகுதி பெற்றவர் வேலை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை அவரிடம் போகும்போது, பைக்குப் பதிலாக மாதவாரியாகக் கூட்டிய தாள்களோடு போகலாம். அவர் செலவிடும் நேரம் குறையும், கட்டணமும் பெரும்பாலும் குறையும்.

அந்தப் பழைய பை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதிலிருந்து பணம் கொடுக்காத பில்களை மட்டும் முதல் வாரமே பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொரு சப்ளையருக்கும் போன் செய்து பாக்கியைச் சரிபார்த்தோம். மற்றதை வாரத்துக்கு ஒரு மாதத்து பில் என்று பின்னோக்கிப் போய் முடித்தேன். பையை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அதில் சில்லறை போட்டு வைத்திருக்கிறார்.