கேள்வித்தாளுக்கு ஒரு காக்கிக் கவர்

நடுவர் கேட்டது: "பொதுத்தேர்வு எழுதிவிட்டு மதியம் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் 'எப்படி எழுதினே?' என்று கேட்பது நல்லதா, கேட்காமல் விடுவது நல்லதா?"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெற்றோர்களே, வணக்கம். நான் வாயை மூடிக்கொள்ளும் கட்சி. அதற்கு மேடை ஏறிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

எனக்கு முன்னால் பேசிய சார், "கேட்காவிட்டால் அம்மா அப்பாவுக்கு நம்மேல் அக்கறையே இல்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்" என்றார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது இது.

இயற்பியல் தேர்வு. பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்து, பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கி, ஒன்றேகாலுக்கு முடித்து, சிரித்த முகத்தோடுதான் வெளியே வந்தாள். அடுத்தது வேதியியல். நடுவில் மூன்று நாள் இடைவெளி. வீட்டில் அப்பா அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அக்கறையான மனிதர், கோபக்காரர் இல்லை. "எப்படிம்மா எழுதினே?" "நல்லா எழுதியிருக்கேன்பா." அதோடு விட்டிருக்கலாம். "கேள்வித்தாளைக் கொண்டா, ஒன் வேர்டை மட்டும் பாத்துடுவோம்" என்றார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடைக்குறிப்பு அவர் கைப்பேசியில் தயாராக இருந்தது. கேள்வி எண்ணும் அதற்கு நேரே அ, ஆ, இ, ஈ என்ற எழுத்தும் மட்டும்தான் அதில்.

பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்விகள். ஒவ்வொன்றாக அவர் டிக் அடித்துக்கொண்டு வந்தார். பதினொன்று தப்பு.

சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. அந்தப் பெண் அறைக்குள் போய்ப் படுத்தாள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்கிறாள். அம்மா கோயிலுக்கு ஓடுகிறார், அப்பா ஏன் கேட்டோம் என்று தவிக்கிறார். இரண்டரை நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் வகுப்பு ஆசிரியை எதற்கோ போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "உன்னோடது ஏ டைப்பா, பி டைப்பா?"

இங்கே பல பேர் முகத்தைப் பார்த்தால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று தெரிகிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக, ஒரு மதிப்பெண் கேள்விகளின் வரிசையை மாற்றி இரண்டு வகையாக அச்சடிக்கிறார்கள். அந்தப் பெண் எழுதியது பி. அப்பா திருத்தியது ஏ விடைக்குறிப்பை வைத்து. நாலு விடையில் ஒன்று தானாகவே பொருந்தும் அல்லவா, அதனால்தான் அந்த நாலு டிக் கூட விழுந்தது! சரியான குறிப்பை வைத்துப் பார்த்தபோது தப்பு இரண்டே இரண்டு. ஆனால் வேதியியலுக்கு மிச்சம் இருந்தது ஒரே இரவு.

(நடுவர்: "அம்மா, அப்போ சரியான கீயை வெச்சுப் பாக்கலாம்னு சொல்றீங்களா?")

அதைத்தான் சொல்ல வருகிறேன் ஐயா. சரியான கீயை வைத்துப் பார்த்தாலும் வீட்டுக் கணக்கு தப்பாகத்தான் வரும். பிள்ளை வந்து, "அஞ்சு மார்க் கணக்கு போச்சும்மா, கடைசி விடை தப்பு" என்று சொல்லும். உடனே வீட்டில் ஐந்தைக் கழித்துவிடுவார்கள். நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவள். சூத்திரத்துக்கு மதிப்பெண் உண்டு, பிரதியிட்டதற்கு உண்டு, ஒவ்வொரு படிக்கும் உண்டு. கடைசி எண் தப்பானால் போவது பெரும்பாலும் ஒன்றோ ஒன்றரையோதான். பிள்ளைக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது, நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து இல்லாத நஷ்டத்துக்கு அழுவோம். எழுதிய தாளோ கட்டுக் கட்டி அனுப்பியாகிவிட்டது. மாற்றக்கூடியது இனி எழுதப்போகும் தாள் ஒன்றுதான்.

அதனால் அந்த வருடத்திலிருந்து எங்கள் பள்ளியில் ஒன்று செய்கிறோம். ஹால் டிக்கெட் கொடுக்கும்போதே ஒரு காக்கிக் கவரும் கொடுப்போம். தேர்வு முடிந்து வந்ததும் கேள்வித்தாள் அதற்குள் போகும், கவர் பீரோவுக்குள் போகும். கடைசித் தேர்வு முடிந்த பிறகுதான் வெளியே வரும். வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டியது, "ரசமா, மோரா?" சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்கட்டும். சாயங்காலம் அடுத்த பாடம். இரவு பத்தரைக்கு விளக்கை அணையுங்கள், ஆறு மணிக்கு மேல் காபி வேண்டாம். படித்தது மனதில் படிவதற்கு அந்தத் தூக்கம் வேண்டும்.

பள்ளிக்கூடம் மட்டும் யோக்கியமா என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை. திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணைப் பெற்றோர் குரூப்பில் பெயர் போட்டு அனுப்பியவர்கள் நாங்கள்தான். 2017லேயே அரசு பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது, நாங்கள் குரூப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். நிறுத்தியாகிவிட்டது.

(பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மா: "டீச்சர், எம்புள்ளைகிட்ட கேட்டாலும் கேக்காட்டியும் ஒண்ணுதான். பரீட்சை முடிஞ்சதும் மட்டையைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிடறான். பயமே இல்ல. அவனுக்குப் பயம் வர்றதுக்கு ஒரு வழி சொல்லுங்க!")

அம்மா, நான் பயத்தைக் குறைக்க வந்தவள், நீங்கள் கடன் கேட்கிறீர்கள்! உங்கள் மகனுக்கு உண்மையிலேயே பயம் இல்லையா, வீட்டில் இருந்தால் கேள்வி வரும் என்று மட்டையைத் தூக்குகிறானா, அது இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தால் விடுங்கள். வரவே இல்லை என்றால் அது வேறு பட்டிமன்றம்.

இப்போது சார் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். கேட்காமல் இருப்பது வேறு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது வேறு. வாய் மூடியிருக்கும், டிவியின் சத்தம் குறைந்திருக்கும், பாட்டி பெருமூச்சு விடுவார். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், ஐந்து நிமிடம் புலம்பட்டும். "அதை ஏன் விட்டே?" என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.

கேட்டே ஆக வேண்டிய ஓர் இடம் இருக்கிறது, அங்கே எதிரணி ஜெயித்துவிட்டுப் போகட்டும். தேர்வன்று காலையில் வயிற்றைப் பிசைவது, கை வியர்ப்பது எல்லாம் வழக்கம்தான். எழுத ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லேன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று பேச்சு வருகிறது, பிடித்த பொருளைத் தங்கைக்குத் தூக்கிக் கொடுக்கிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்தப் பெண் வேதியியலில் எவ்வளவு எடுத்தாள் என்று கேட்கத் துடிக்கிறீர்கள், தெரிகிறது. பாருங்கள், கதையிலேயே நம்மால் கேட்காமல் இருக்க முடியவில்லை! பாஸ். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. வாசலில் அலுவலக உதவியாளர் கவர்க் கட்டோடு நிற்கிறார். பிளஸ் டூ பெற்றோர்கள் போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.