காலை 9:16-க்கு வாங்கியது சரியான விலையா? விவாப் வைத்துப் பார்ப்போம்

[திரையில்: குன்னூர், மழை ஓய்ந்த காலை. தேயிலை மாதிரிகள் வரிசையாக வைத்த மேசை.]

வணக்கம். நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தூள் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். இங்கே வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கும். ஏலம் முடிந்ததும் எங்கள் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "சராசரிக்கு மேலயா வாங்கினோம், கீழயா?" என்பதுதான்.

இதில் எந்தச் சராசரி என்பது முக்கியம். ஒரு லாட் 2,000 கிலோ, கிலோ 108 ரூபாய்க்குப் போனது. இன்னொரு லாட் 200 கிலோதான், அது 141 ரூபாய்க்குப் போனது. இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 124.50 வரும். ஆனால் அந்த விலைக்கு அங்கே யாரும் வாங்கவில்லை. மொத்தப் பணம் 2,44,200, மொத்த எடை 2,200 கிலோ. வகுத்தால் 111 ரூபாய். எடை எங்கே அதிகமோ, சராசரியும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

பங்குச் சந்தையில் இதே கணக்கின் பெயர் விவாப். உங்கள் ஆப்பில் அது `VWAP` அல்லது `ATP` என்று இருக்கும். சில ஆப்களில் வாங்குவோர் விற்போர் பட்டியலுக்குக் கீழே `Avg. price` என்று மட்டும் போட்டிருக்கும். உங்கள் ஹோல்டிங்ஸில் தெரியும் சராசரி விலை வேறு. அது நீங்கள் வாங்கிய விலை. இது அன்று அந்தப் பங்கை வாங்கிய எல்லோருடைய விலையும் சேர்ந்தது.

```
VWAP = Σ(விலை × எண்ணிக்கை) ÷ Σ(எண்ணிக்கை)
```

[திரையில்: ஒரு கான்ட்ராக்ட் நோட். பெயரும் கணக்கு எண்ணும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு முறை, குறிப்பிட்ட தேதியில், ஒரு இடிஎஃப்பில் 400 யூனிட் தானாக வாங்கும்படி ஆப்பில் ஏற்பாடு செய்திருந்தார். இடிஎஃப் என்பது பல பங்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு பங்கு போலவே சந்தையில் விற்கப்படும் ஃபண்ட். நேரம் காலை 9:16, மார்க்கெட் ஆர்டர். ஒரு நாள், எத்தனை யூனிட் என்ன விலைக்கு வாங்கியது என்று தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டோடு வந்தார். "தம்பி, மாசாமாசம் அதுபாட்டுக்கு வாங்குது. நல்லா வாங்குதா, இல்ல கண்ட விலைக்கு வாங்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சார், கான்ட்ராக்ட் நோட்டை எடுங்க. பதில் அதுலதான் இருக்கு" என்றேன்.

அன்றைய நோட்டில் அவருடைய ஒரு ஆர்டர் மூன்று துண்டுகளாக நிறைவேறியிருந்தது. 60 யூனிட் 251.20-க்கு, 140 யூனிட் 251.60-க்கு, 200 யூனிட் 252.10-க்கு. கூட்டினால் 1,00,716 ரூபாய், யூனிட்டுக்கு 251.79. (இங்கே சொல்லும் விலைகளை, கணக்கு எளிதாகப் புரிய, நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

இந்த மூன்று வரியைக் கவனியுங்கள். விலை ஏறிக்கொண்டே போகிறது. மார்க்கெட் ஆர்டர் போட்டால், முதலில் நிற்கும் விற்பனையாளரிடம் இருப்பதை அள்ளும். போதாவிட்டால் அடுத்த விலைக்கு ஏறும், பிறகு அதற்கும் அடுத்தது. சந்தை திறப்பது 9:15-க்கு. முதல் சில நிமிடங்களில் அடியிலுள்ள பங்குகளின் விலையே நிலைப்பட்டிருக்காது. அதனால் இடிஎஃப்பை விற்கத் தயாராக இருக்கும் மார்க்கெட் மேக்கர்கள் விலையைத் தள்ளி வைப்பார்கள், எண்ணிக்கையும் குறைவாகவே வைப்பார்கள்.

அன்று முழு நாளின் விவாப் 250.40. சார் கொடுத்தது 251.79. வித்தியாசம் 1.39 ரூபாய், 400 யூனிட்டுக்கு 556 ரூபாய். சதவீதத்தில் 0.55-க்குச் சற்று மேல்.

சார் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த 556 ரூபாயும் ஆர்டர் மோசமாக நிறைவேறியதால் போனது அல்ல. அன்று சந்தை காலையில் உயரத்தில் திறந்து, மதியத்துக்கு மேல் இறங்கியது. காலையில் வாங்கிய யாராக இருந்தாலும் முழு நாள் சராசரியைவிட அதிகம்தான் கொடுத்திருப்பார்கள். மதியம் இறங்கும் என்று காலை 9:16-க்கு யாருக்கும் தெரியாது. அதை ஆர்டரின் குற்றமாக எழுதக் கூடாது.

[திரையில்: அன்றைய விலைக் கோடு. காலை 9:15 முதல் 9:45 வரை மட்டும் நிறம் பூசப்படுகிறது.]

அதனால் வாங்கிய நேரத்தை ஒட்டிய ஒரு ஜன்னலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 9:15 முதல் 9:45 வரை 6,000 யூனிட் கைமாறியிருந்தது, விவாப் 251.10. இப்போது வித்தியாசம் 69 பைசா. ஆக 1.39-ல் 69 பைசா ஆர்டர் போட்ட விதத்துக்கான விலை. மீதி 70 பைசா அன்றைய சந்தையின் போக்கு.

அப்படியென்றால் ஜன்னலை இன்னும் சுருக்கி 9:15 முதல் 9:20 வரை மட்டும் பார்த்தால் இன்னும் துல்லியமாகுமா? ஆகாது. நான் நேரில் பார்த்த தவறுகளில் இதுதான் அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில் கைமாறியது 1,000 யூனிட், விவாப் 251.55. வித்தியாசம் வெறும் 24 பைசா என்று காட்டும். ஆனால் அந்த ஆயிரத்தில் 400 சாருடையது! அவர் கொடுத்த அதிக விலையே சராசரியை மேலே இழுத்துவிட்டது. அவருடைய 400-ஐக் கழித்துப் பார்த்தால், மற்றவர்களின் விவாப் 251.39. வித்தியாசம் 40 பைசா. அந்த நேரத்தில் சார் ஒருவர் மட்டுமே வாங்கியிருந்தால், அவர் விலையும் விவாப்பும் ஒன்றாகிவிடும். எவ்வளவு அநியாய விலை கொடுத்திருந்தாலும் வித்தியாசம் பூஜ்யம் என்றுதான் வரும்.

அதனால் ஜன்னலில் உங்கள் பங்கு சிறியதாக இருக்க வேண்டும். அரைமணி ஜன்னலில் சாரின் 400-ஐக் கழித்தாலும் விவாப் 251.10-லிருந்து 251.05-க்குத்தான் இறங்குகிறது. அந்த ஜன்னலை நம்பலாம்.

இடிஎஃப் வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது `iNAV`, அதாவது அடியிலுள்ள பங்குகளின் அந்த நேர மதிப்பு. அன்று காலை அது 250.95. விவாப்பே அதற்கு 15 பைசா மேலே இருந்தது. அங்கே எல்லோருமே கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், அவர்களுடைய சராசரியோடு ஒப்பிடுவதில் அந்தக் கூடுதல் தெரியாது.

[திரையில்: சாரின் கோடு போட்ட நோட்டு. பன்னிரண்டு வரிகள், இரண்டு பத்திகள்.]

ஒரு மாதத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சாரோடு உட்கார்ந்து பன்னிரண்டு மாத நோட்டுகளையும் எடுத்தோம். ஒரு பத்தியில் முழு நாள் விவாப்போடு வித்தியாசம், அடுத்த பத்தியில் அரைமணி விவாப்போடு வித்தியாசம்.

முதல் பத்தியில் ஏழு மாதம் அதிகம், ஐந்து மாதம் குறைவு. பெரிய பெரிய எண்கள், ஆனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரி 0.09 சதவீதத்தில் நின்றது. இரண்டாவது பத்தியில் எண்கள் சிறியவை, ஆனால் பன்னிரண்டில் பதினொன்று ஒரே பக்கம், சராசரி 0.21 சதவீதம் அதிகம். சந்தையின் போக்கு மாதத்துக்கு மாதம் திசை மாறும். ஆர்டரின் குறை மாறாமல் ஒரே பக்கம் நிற்கும். லட்ச ரூபாய்க்கு மாதம் 210 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 2,500.

சார் நேரத்தை மாற்றினார். இப்போது 10:30 முதல் 1 மணிக்குள் நூறு நூறாக நான்கு லிமிட் ஆர்டர், அந்த நேரத்து விற்பனை விலையிலேயே. லிமிட் ஆர்டர் என்றால், குறித்த விலைக்கு மேல் கொடுத்து வாங்காது. இங்கே ஜன்னல் நாளின் நடுவில் இருப்பதால், திரையில் தெரியும் விவாப்பை அப்படியே எடுக்கக் கூடாது. அது 9:15-லிருந்து கூட்டிக்கொண்டு வரும் எண். 10:30-க்கு ஒருமுறை, 1 மணிக்கு ஒருமுறை, விவாப்பையும் கைமாறிய எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். பிறகு கழியுங்கள்.

```
(29000 × 250.50 − 14000 × 250.80) ÷ (29000 − 14000) = 250.22
```

அன்று சாரின் விலை 250.28. 1 மணிக்குத் திரையில் தெரிந்த 250.50-ஐ வைத்தால் 22 பைசா லாபம் என்று தோன்றும். அந்தக் கூட்டலுக்குள் அவர் கடைக்கே வராத காலை நேரத்து விலை இருக்கிறது. உண்மையில் அவர் 6 பைசா அதிகம் கொடுத்திருக்கிறார், 0.02 சதவீதம். அது பரவாயில்லை.

லிமிட் ஆர்டரில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு மாதம் விலை ஏறிக்கொண்டே போய், கடைசி நூறு கிடைக்கவே இல்லை. கிடைத்த 300-க்கு விவாப் கணக்கு அழகாக வந்தது. மறுநாள் அந்த நூறை யூனிட்டுக்கு 2.40 அதிகம் கொடுத்து வாங்கினார், 240 ரூபாய். மறுநாள் விவாப்போடு ஒப்பிட்டால் அதுவும் சரியான விலையாகவே தெரியும். இரண்டு நாளும் நல்ல மதிப்பெண், ஆனால் கையை விட்டு 240 போயிருக்கிறது. விவாப்பை அளவுகோலாக முன்வைத்த பெர்கோவிட்ஸ், லோக், நோசர் மூவரின் ஆய்வு 1988-ல் வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ரே பெரோல்ட், வாங்க முடிவெடுத்த நொடியின் விலையோடு ஒப்பிட வேண்டும், வாங்காமல் விட்டதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அதனால் சாரின் நோட்டில் இப்போது மூன்றாவது பத்தி உண்டு: 10:30-க்கு என்ன விலை, அதற்கு 400 யூனிட்டும் கிடைத்திருந்தால் எவ்வளவு, உண்மையில் கொடுத்தது எவ்வளவு. இந்தப் பத்தியில் சந்தையின் ஏற்ற இறக்கமும் கலந்திருக்கும் என்பதால், தீர்ப்புச் சொல்ல அதிக மாதங்கள் வேண்டும்.

[திரையில்: நோட்டின் கடைசிப் பக்கம்.]

மாற்றிய பிறகு ஆறு மாதம் ஆகிறது. ஜன்னல் விவாப்போடு வித்தியாசம் 0.21-லிருந்து 0.03 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. மாதம் சுமார் 180 ரூபாய் மிச்சம். அவர் கணக்கில் டெலிவரிக்குத் தரகுக் கட்டணம் கிடையாது. உங்கள் கணக்கில் ஆர்டருக்கு 20 ரூபாய் என்றால், ஒன்றை நான்காக்கியதில் 60 ரூபாய் கூடும். 180-ல் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். யூனிட் குறைவாக வாங்குபவர்களுக்கு நான்காகப் பிரிப்பது கட்டுப்படியாகாது. அவர்கள் காலைத் தொடக்கத்தை மட்டும் தவிர்த்து ஒரே லிமிட் ஆர்டராகப் போடலாம்.

கிடைக்காமல் போன அந்த நூறு யூனிட்டின் 240 ரூபாயை, ஆறு மாத மிச்சத்தில் கழித்து எழுதச் சொன்னேன். சார் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.