“எதைப் பார்த்துக் கட்டுவது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தடதடவென்று கேட்பது சைட் கேபினின் தகரக் கூரையில் விழும் மழை. இன்றைக்குக் கான்கிரீட் கிடையாது, அதனால்தான் உங்களோடு பேச நேரம் கிடைத்தது.

போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆர்க்கிடெக்ட் வரைபடமும் ஸ்ட்ரக்சர் வரைபடமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆர்.எஃப்.ஐ., அதாவது வரைந்தவர்களிடம் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம், எப்படி எழுதுவது என்று. என் கையில் இருக்கும் ஒன்றையே காட்டுகிறேன்.

இங்கே நாங்கள் கட்டுவது ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி ஒரு இரண்டு மாடிக் கடைவரிசை. கீழ்த்தளத்தின் பின்சுவரில் ஒரு சன்னல். தரையிலிருந்து 900 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 1,800 உயரம். ஆக, சன்னல் தலை 2,700-ல். அதே சுவருக்கு மேலே ஒரு பீம் ஓடுகிறது. அதன் ஆழம் 600.

மேல்தளத்தின் மட்டம் 3,200. அதில் 600 கழித்தால் பீமின் அடி 2,600, சன்னலோடு 100 மோதுகிறது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தப்பு! 3,200 என்பது ஆர்க்கிடெக்ட் சொல்லும் மட்டம், அதாவது டைல்ஸ் ஒட்டி முடித்த தரை. இன்ஜினியர் வரைபடத்தில் இருப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் ஸ்லாபின் மட்டம், 3,150. பீமின் 600 ஸ்லாபின் மேல்முகத்திலிருந்து கணக்கு, ஸ்லாபின் கனமும் அதற்குள்ளேயே அடங்கும். ஆகவே பீமின் அடி 2,550. மோதல் 150. இரண்டு மட்டங்களையும் குழப்பிக்கொண்டு அனுப்பினால், ‘உங்கள் கணக்கே சரியில்லையே’ என்று பதில் வரும், ஒரு வாரம் போய்விடும். சில நேரம் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டாலே முரண்பாடு காணாமல் போய்விடும். அப்போது ஆர்.எஃப்.ஐ.யே வேண்டாம்.

சரி, இப்போது வாசகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதியது இது: ‘ஆர்க்கிடெக்ட் வரைபடமும் ஸ்ட்ரக்சர் வரைபடமும் முரண்படுகின்றன. எதைப் பின்பற்றுவது?’ ஒன்பது நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘கடைசியாக வந்த வரைபடத்தைப் பார்க்கவும்.’ இரண்டுமே கடைசியாக வந்தவைதான்! அவர்கள் ‘ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைப் பின்பற்றவும்’ என்று எழுதியிருந்தாலும் என்ன பயன்? பீமை யார் குறைப்பது? அந்தக் கேள்விக்கு வரும் எந்தப் பதிலை வைத்தும் கட்ட முடியாது.

இந்த முறை ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொல்கிறேன்:

‘இடம்: பி கிரிட், 3-க்கும் 4-க்கும் நடுவே, கீழ்த்தளம். ஆர்க்கிடெக்ட் வரைபடம் ஏ-204, ரிவிஷன் சி: சன்னல் தலை 2,700. ஸ்ட்ரக்சர் வரைபடம் எஸ்-105, ரிவிஷன் பி: பீம் 200 x 600, ஸ்லாப் மட்டம் 3,150, எனவே பீமின் அடி 2,550. சன்னல் திறப்பு பீமுக்குள் 150 போகிறது. அந்த இடத்தில் சன்னல் தலையின் மட்டத்தையும் பீமின் அளவையும் இருவரும் உறுதிப்படுத்தவும். எங்கள் யோசனை: பீம் மாறாமல், சன்னல் தலையை 2,500-க்கு இறக்குவது. பதில் தேவைப்படும் நாள்: 18-ஆம் தேதி, அன்று பீமின் கம்பி வளையங்கள் வளைக்கப்படும்.’

குற்றம் சொல்லும் ஒரு வார்த்தைகூட இதில் இல்லை, கவனித்தீர்களா? ‘உங்கள் தவறு’ என்று எழுதினால் எதிரே இருப்பவர் தன் பக்கத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். இரண்டு வரைபடமும் சொல்வதை எண்ணாக வைத்தால் போதும். ஒரு தாளில் கையாலேயே குறுக்குவெட்டு வரைந்து, மோதும் 150-ஐச் சிவப்பில் தீட்டி இணைத்தேன். முகவரி ஆர்க்கிடெக்டுக்கு, நகல் இன்ஜினியருக்கு.

அந்தத் தேதியைப் பாருங்கள். கான்கிரீட் ஊற்றும் நாள் 25. அதைப் போட்டிருந்தால் பதில் 24-ஆம் தேதி சாயங்காலம் வரும். அதற்குள் 600 ஆழத்துக்கு வளையங்கள் வளைத்துக் கட்டியாகிவிடும். பீமின் ஆழம் மாறினால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

யோசனை எழுதும்போதும் ஓர் எல்லை உண்டு. ‘பீமை 450 ஆக்கலாமே’ என்று நான் எழுதவில்லை. ஆழத்தைக் குறைத்தால் கம்பியின் கணக்கே மாறும், அது இன்ஜினியரின் வேலை. சன்னலை இறக்கச் சொல்வது வேறு. அதில் பாரம் எதுவும் இல்லை. 2,550 என்று கேட்காமல் 2,500 கேட்டது பீமின் அடியில் பூச்சுக்கும் ஃபிரேம் இடைவெளிக்கும் 50 வேண்டும் என்பதால்.

பதில் 16-ஆம் தேதியே வந்தது. சன்னல் 1,600 உயரம், பீம் அப்படியே, இருவரின் கையெழுத்தும் இருந்தது. ஆனால் அது விளக்கம் மட்டும்தான். சன்னலின் அளவு மாறினால் விலையும் மாறும். அதற்கு ஆர்க்கிடெக்டின் உத்தரவு தனியாக எழுத்தில் வர வேண்டும். நேற்றுதான் கேட்டு அனுப்பினேன், இன்னும் வரவில்லை. வரும்வரை அலுமினியக் கடைக்காரரிடம் ஆர்டர் கொடுக்க மாட்டேன்.

மழை விட்டுவிட்டது, ஃபோர்மேன் அண்ணன் கூப்பிடுகிறார். அப்புறம் பார்ப்போம்.